கிழிக்காத சீட்டு

பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னால், காசு எண்ணும் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். காசு எண்ணுவது அதில் கடைசி வேலை. அதற்கு முன்னால் எண்களை எண்ண வேண்டும். ஒரு கண்டக்டர் ராத்திரி பத்து மணிக்குப் பையை மேஜையில் கவிழ்க்கும்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதைச் சொல்வது சீட்டுக் கட்டு.

தென்காசியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் அலுவலகத்தில் பல வருஷம் அந்த மேஜையில் இருந்தேன். எல்லாம் காகிதச் சீட்டுக் காலம். ஐந்து ரூபாய், ஏழு ரூபாய், பத்து ரூபாய் என்று விலைக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எண் அச்சாகியிருக்கும். காலையில் வண்டி கிளம்பும்போது ஒவ்வொரு கட்டிலும் மேலே இருக்கும் சீட்டின் எண்ணை டிரிப் ஷீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அது ஓப்பனிங். ஒவ்வொரு சிங்கிள் முடிந்து வண்டி நிற்கும்போதும், அப்போது மேலே இருக்கும் சீட்டின் எண்ணை எழுத வேண்டும். அது அந்தச் சிங்கிளின் குளோசிங், அடுத்த சிங்கிளின் ஓப்பனிங். குளோசிங்கிலிருந்து ஓப்பனிங்கைக் கழித்தால் கிழித்த சீட்டு எத்தனை என்று வரும். விலையால் பெருக்கினால் பணம். எல்லா விலையையும் கூட்டி, லக்கேஜ் சீட்டையும் சேர்த்து, பஸ் ஸ்டாண்டு வாடகை மாதிரி கம்பெனி ஒத்துக்கொண்ட செலவைக் கழித்தால், பையில் இருக்க வேண்டிய தொகை கிடைக்கும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். காலை ஷிப்ட் முடித்து வந்தவர் வயதான கண்டக்டர். பேரன் பேத்தி எடுத்தவர், என்னை 'ஏ பிள்ளே' என்றுதான் கூப்பிடுவார். ஐந்து ரூபாய்க் கட்டு 34120இல் தொடங்கி 34386இல் முடிந்ததாக எழுதியிருந்தார். 266 சீட்டு, 1,330 ரூபாய். ஏழு ரூபாயில் 187 சீட்டு, 1,309. பத்து ரூபாய்க் கட்டு 10560இல் தொடங்கி 10673இல் முடிந்தது. 113 சீட்டு, 1,130. லக்கேஜ் 55. மொத்தம் 3,824. ஸ்டாண்டுச் செலவு 40 போக 3,784 வர வேண்டும். பையில் இருந்தது 3,694. தொண்ணூறு ரூபாய் குறைகிறது.

குறைந்தால் கண்டக்டர் கையிலிருந்து போடணும். அதுதான் கம்பெனி விதி. அவருக்கு அன்றைய பேட்டாவில் பெரும்பகுதி அது. "ரெண்டு மட்டம் எண்ணிட்டேன் பிள்ளே, எங்க போச்சுன்னே தெரியல" என்று உட்கார்ந்துவிட்டார். பணத்தை மூன்றாம் முறை எண்ணுவதில் பிரயோஜனமில்லை. பார்க்க வேண்டியது 90 என்ற எண்ணை. ஏழு ரூபாய்ச் சீட்டில் தவறு இருந்தால் குறைவு ஏழால் வகுபடும். 90 வகுபடாது. ஐந்தால் வகுத்தால் 18 சீட்டு, பத்தால் வகுத்தால் 9 சீட்டு. இரண்டுமே ஒன்பதின் மடங்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி எழுதினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பழைய கணக்கப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பத்து ரூபாய்க் கட்டின் 73ஐத் திருப்பினால் 37, வித்தியாசம் 36. அது பொருந்தவில்லை. ஐந்து ரூபாய்க் கட்டின் 86ஐத் திருப்பினால் 68, வித்தியாசம் 18. கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே நின்ற சீட்டு 34368. கடைசி சிங்கிளில் 34368 என்பதற்கு 34386 என்று எழுதியிருந்தார். காசு ஒரு பைசா குறையவில்லை.

அவருக்கு முகம் தெளிந்தது. மேனேஜர் மட்டும், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கா" என்றார். பாராட்டுகிறாராம். அந்த அலுவலகத்தில் கணக்கு நான் எழுத வேண்டும், சாவி அவரிடம் இருக்கும், பணத்தைப் பேங்குக்குக் கொண்டுபோவது இன்னோர் ஆண். எண்ணுகிற கைக்கும் பெட்டிக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேஷ்டி இருந்தது. அது வேறு கதை.

இந்த உதாரணத்தில் தவறு கடைசி சிங்கிளில் நடந்ததால்தான் மொத்தத்தில் தெரிந்தது. இதே தவறு நான்காவது சிங்கிளில் நடந்திருந்தால்? நான்காவதில் 90 ரூபாய் கூடும், ஐந்தாவதில் 90 ரூபாய் குறையும், மொத்தத்தில் ஒன்றுமே தெரியாது. பணம் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஏட்டில் ஒரு நடை நிறைந்து ஓடியதாகவும் அடுத்த நடை காலியாக ஓடியதாகவும் நின்றுவிடும். ஒரு நாளென்றால் பரவாயில்லை. ஆனால் முதலாளி எந்த நடையை வைத்துக்கொள்ளலாம், எதை 'வண்டி ரிப்பேர்' என்று சொல்லி நிறுத்தலாம் என்று பார்ப்பது இந்த நடைவாரி எண்ணை வைத்துத்தான். பெர்மிட்டில் இருக்கிற நடைதான், நிறுத்தக்கூடாதுதான். ஆனாலும் நிறுத்துவார்கள். அதனால் மொத்தம் சரியாக இருக்கிறது என்று ஷீட்டை மடித்து வைக்க எனக்கு மனசு வராது.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் வேறொரு தொல்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறவர்கள் மடியிலிருந்து எடுத்துத் தருவது ஈர நோட்டு. பத்து ரூபாய் நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டால் எண்ணுகிற விரலுக்கு ஒன்றாகத்தான் படும். ராத்திரி 'ஷார்ட்டேஜ்' என்று எழுதின தொகை காலையில் நோட்டு காய்ந்ததும் திரும்பி வந்துவிடும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டவுன் வண்டிப் பணத்தை ஃபேனுக்குக் கீழே பழைய பேப்பரில் பரத்தி வைத்து, காய்ந்த பிறகுதான் கணக்கை முடிப்பேன். அறையெல்லாம் சீயக்காயும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அடிக்கும். காசுக்கு வாசனை கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

குறைந்தால் பயப்படுவது கண்டக்டர். கூடினால் பயப்பட வேண்டியது எல்லோரும். பையில் பணம் கூடுதலாக இருந்தால் யாரோ ஒருவர் காசு கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்காமல் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். டூட்டி ஏறும்போதே கண்டக்டர் தன் சொந்தப் பணம் எவ்வளவு என்று ஷீட்டில் எழுதிவிட வேண்டும் என்று இருப்பது இதனால்தான். நடு வழியில் செக்கிங் ஏறினால், பையில் இருப்பதையும் அதுவரை கிழித்த சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் சீட்டுக் கொடுக்காத காசைக் கண்டக்டர் அப்போதைக்கப்போது வேறு இடத்தில் வைத்துவிட்டால், ராத்திரி என் மேஜையில் கணக்கு அட்சரம் பிசகாமல் சரியாக இருக்கும். கிழிக்காத சீட்டுக்கு எண் நகராது. எண் நகராவிட்டால் எனக்கு அந்த ஆள் வண்டியில் ஏறவே இல்லை.

அப்படி ஏறாமலே முப்பது வருஷம் பஸ்ஸில் போனவள் என் அம்மை.

அவள் பீடி சுற்றுகிறவள். கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள்தானே. சுற்றிய பீடியை வாரத்தில் சில நாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். சீட்டு ஏழு ரூபாய் என்றால் அம்மை ஐந்து ரூபாயை நீட்டுவாள். "சீட்டு வேண்டாம்ய்யா, இதை வச்சுக்கோ." கண்டக்டருக்கு ஐந்து ரூபாய், அம்மைக்கு இரண்டு ரூபாய் மிச்சம். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஒருத்தியும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற கூலியில், 'தூள் குறையுது, பீடி சரியில்ல' என்று கடைக்காரன் கழித்துப் போடுவதைத் தினம் பார்க்கிறவளுக்கு இரண்டு ரூபாய் பேரம் ஒரு பேரமா?

2012 வாக்கில் பாவூர்சத்திரத்திலிருந்து கடையத்துக்குக் காலை 7.15க்குப் போகும் நடையை நிறுத்திவிடலாம் என்று முதலாளி பேச ஆரம்பித்தார். ஏட்டில் அந்த நடைக்குப் பதினேழிலிருந்து இருபத்திரண்டு சீட்டுத்தான் விழுந்துகொண்டிருந்தது. டீசலுக்கே ஆகவில்லை என்றார். எனக்கு அந்த வண்டி தெரியும். அதில் நிற்க இடம் இருக்காது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியக்காலம் சரக்கு எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிற பெண்கள் ஏறுவார்கள். வழியில் பீடிக்காரிகள் ஏறுவார்கள். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்பது கணக்கில் சேராது.

கணக்கில் சேர்கிற ஒன்று அதே ஷீட்டில் இருந்தது. லக்கேஜ் சீட்டு. மற்ற நடைகளில் அறுபது பேருக்கு மூன்று மூட்டை விழும். இந்த நடையில் பத்தொன்பது பேருக்குப் பதினோரு மூட்டை. ஒரு மாத ஷீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு நாளும் ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. அப்படியென்றால் வண்டியில் ஏறினவர்களில் பாதிக்கு மேல் மூட்டைக்காரிகள், வழியில் ஏறினவர்கள் ஏழெட்டுப் பேர் மட்டும். காலை ஏழேகால் மணிக்கு அந்த ரோட்டில் அது நடக்காது.

மூட்டைக்கு மட்டும் ஏன் சீட்டு ஒழுங்காகக் கிழிந்தது? மூட்டையை மேலே ஏற்றுவது கிளீனர். எங்கள் கம்பெனியில் லக்கேஜ் சீட்டில் அவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு. சீட்டுக் கிழிக்காவிட்டால் அவர் பங்கு போய்விடும், அதனால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். ஆள் சீட்டில் அப்படி ஒருவர் கிடையாது. பயணிக்கும் இரண்டு ரூபாய் லாபம், கண்டக்டருக்கும் லாபம். இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் லாபம் என்றால் கணக்குக்குச் சாட்சியே கிடையாது.

நோட்டை முதலாளியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் நடு வழியில் செக்கிங் ஏறினார். எண்ணினால் 46 பேர். கிழித்திருந்தது 19 சீட்டு. நடை தப்பித்தது. கண்டக்டர் போனார். ஊர்ப் பெண்கள் மறுநாளிலிருந்து முழு ஏழு ரூபாய் கொடுத்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மதினி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. "உனக்குச் சம்பளம் போடுதாவ. எங்க ரெண்டு ரூவாவ எதுக்குட்டி பிடுங்கின?" என்றாள். நடை நின்றிருந்தால் சந்தைச் சரக்கைத் தலையில் வைத்து எத்தனை மைல் நடந்திருப்பாய் என்று நான் கேட்டேன். அவள் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. இன்றைக்கும் அதில் எது பெரிய சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று பிடிபட்டது. அந்தப் பெண்கள் மிச்சம் பிடித்தது காசை மட்டுமல்ல. தாங்கள் போனதற்கான ஒரே அத்தாட்சியையும் சேர்த்துத்தான் கண்டக்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி காலி என்று ஏடு சொன்னபோது மறுத்துப் பேச அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

2021 மே 8ஆம் தேதி, அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஏற்படும் இழப்புக்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் அரசு ஈடு தரும் என்று அப்போதே அறிவித்தார்கள். அது முன்கூட்டிப் போட்ட மதிப்பீடு. தொடக்கத்தில் பெண்கள் சீட்டில்லாமலே போனார்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு எண்ணே கிடையாது. ஜூலையில் கட்டணமில்லாச் சீட்டு வந்தது. விலை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம், ஆனால் மற்ற சீட்டைப் போலவே வரிசை எண். செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியில்லை, தொழில் புத்திதான். இதை ராத்திரி மேஜையில் எப்படிச் சரிபார்ப்பார்கள்?

விலைச்சீட்டுக்கு இரண்டு சாட்சி. எண் ஒன்று, பணம் ஒன்று. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். எண்ணைத் திருப்பி எழுதிய அந்த 34386 மாட்டிக்கொண்டது பணம் இருந்ததால்தான். பூஜ்ஜியச் சீட்டில் 18 கூட்டி எழுதினாலும் பெருக்கினால் பூஜ்ஜியம், குறைத்து எழுதினாலும் பூஜ்ஜியம். பையில் ஷார்ட்டேஜும் வராது, கூடுதலும் வராது. கட்டின் மேல் சீட்டையும் ஷீட்டில் எழுதிய எண்ணையும் ஒப்பிடலாம், அவ்வளவுதான். அதுகூடக் கிழித்தது எத்தனை என்று சொல்லுமே தவிர ஏறியது எத்தனை என்று சொல்லாது.

அதனால் தப்பு இரண்டு பக்கமும் போகலாம். ஆளில்லாமல் சீட்டு கிழியலாம், ஈடு கேட்கிற இடத்துக்கு எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே. கூட்டத்தில் நெருக்கி நிற்கிற பெண்களுக்குச் சீட்டு கிழிக்காமலே விடலாம். காசு வாங்கவில்லை, எதற்குச் சிரமம் என்று. முதலாவதைக் கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. மெஷின் இருக்கிற வண்டியில் ஒவ்வொரு சீட்டுக்கும் நேரம் பதிகிறது. ஐந்து பேர் ஏறுகிற ஸ்டேஜில் ஒரே நிமிஷத்தில் இருபது பூஜ்ஜியச் சீட்டு அடித்திருந்தால் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். தினம் ஒரே எண்ணில் வந்து நிற்கிற நடையையும் சந்தேகப்படலாம். மனுஷர் ஏறுவது அப்படிச் சீராக இருக்காது. வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி, சந்தை நாள் ஒரு மாதிரி, கல்யாண நாள் வேறு மாதிரி.

இரண்டாவதை மேஜையில் இருந்துகொண்டு கண்டுபிடிக்கவே முடியாது. செக்கிங் ஏறித் தலையை எண்ணினால்தான் உண்டு. எல்லா நடையிலும் எல்லா நாளும் ஏற முடியாது. என் 7.15 நடைக்குக் கிளீனர் சாட்சியாக இருந்தார். இங்கே கண்டக்டருக்கு அந்தச் சீட்டால் பைசா கிடையாது, பெண்ணுக்கு அந்தச் சீட்டு இல்லாமலும் பயணம் நடந்துவிடுகிறது. மறுபடியும் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் சௌகரியம்.

அந்தச் சௌகரியத்துக்கு மேல் வெட்கம் வேறு. கட்டணமில்லாச் சீட்டுக்கு வண்டியில் வைத்த பெயர் 'ஓசி'. 2022 செப்டம்பரில் ஓர் அமைச்சரே மேடையில் அந்தச் சொல்லைச் சொன்னார், ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டு கேட்பதே பிச்சை கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. என் பார்வையில் நடப்பது நேரெதிர். அந்தச் சீட்டுக்கு விலை இருக்கிறது, அது பெண்ணின் பையிலிருந்து வரவில்லை, அரசின் கணக்கிலிருந்து வருகிறது. அவள் சீட்டு வாங்காவிட்டால் வண்டி அவளைச் சும்மா ஏற்றிச் சென்றதாக ஆகாது. யாரையுமே ஏற்றாமல் சென்றதாக ஆகும்.

இதைத்தான் என் அம்மையிடம் சொன்னேன். அவள் இப்போது அரசு டவுன் வண்டியில்தான் போகிறாள். எங்கள் பழைய கம்பெனி மாதிரித் தனியார் வண்டிகளில் கட்டணம் கட்டணம்தான். "காசே இல்ல, பெறவு சீட்டு என்னத்துக்குட்டி?" என்றாள். 7.15 நடையை ஞாபகப்படுத்தினேன். ஏட்டில் பத்தொன்பது பேர், வண்டியில் நாற்பத்தாறு பேர். அந்த இருபத்தேழில் நீயும் ஒருத்தி என்றேன். கொஞ்ச நேரம் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் இத்தன வருசம் போகவே இல்லியா?" என்று கேட்டாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதற்குப் பிறகு சீட்டு வாங்குகிறாள். கண்டக்டர் கூட்டத்தில் மறந்தால், "ஏ தம்பி, இங்க ஒண்ணு கிழி" என்று சத்தம் போடுகிறாளாம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறாளாம். இறங்கினதும் அதைக் கசக்கிப் போட்டுவிடுகிறாள். போடட்டும். அதற்குள் கட்டில் அடுத்த எண் மேலே வந்திருக்கும்.